வன்மை பார்க்கும்போது முடிவுப்புள்ளியே வருகுதில்லை: டீஈஏ போட்டும் சரிவரவில்லை

வெல்லாவெளி_மழை · திங்கள், இரவு 9.10

எங்கட வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணியைத்தான் பயிற்சிச் செயற்திட்டத்துக்கு எடுத்திருக்கிறன். மொத்த வன்மை பார்க்க வேணும். 50 மி.லீ. தண்ணி, பீஎச் 10 அமோனியா பஃபர், எரியோக்குரோம் பிளாக் டீ ஒரு சிட்டிகை, அளவியில 0.01 மோலார் ஈடிடிஏ. காய்ச்சி வடித்த நீரில கல்சியம் போட்டுப் பழகினபோது சிவப்பு சட்டெண்டு நீலமாகும், பார்க்கவே ஆசையா இருக்கும். எங்கட தண்ணியில அது நடக்கவே இல்லை. 12 மி.லீ. தாண்ட ஊதா மாதிரி வருது, பிறகு அப்படியே நிக்குது. முதல் தரம் 13.1 எண்டு எழுதினன், அடுத்தது 14.6, மூண்டாவது 15.9. மூண்டுமே கண்ணை மூடிக்கொண்டு எழுதினது மாதிரித்தான்.

தண்ணி அள்ளேக்க தெளிவு. போத்தல்ல ரெண்டு நாள் வைச்சா அடியில செம்மண் மாதிரி படியும். நிறம் பார்க்கிற கிட்டில இரும்பு லீற்றருக்கு 3 மி.கி. அளவு காட்டிச்சு. ஆய்வுகூடத்தில ஒரு அண்ணா ட்ரைஎதனோலமின், அதான் டீஈஏ, போடச் சொன்னார். பஃபர் விட்ட பிறகு 5 மி.லீ. போட்டன். ஒண்டும் மாறேல்லை. குடுவைக்குள்ள மெல்லிய பழுப்பு நூல் மாதிரி ஏதோ சுத்துது. என்ன பிழை விடுறன்?

செங்கலடிச்_சந்தி · திங்கள், இரவு 9.41

இதுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. இரும்பும் ஈடிடிஏயோட சேரும், அதால வாசிப்பு கூடுது. இரும்பு எவ்வளவு எண்டு தெரியும்தானே, அதைக் கழிச்சு விடுங்க. இல்லாட்டி தண்ணியைக் கொதிக்க வைச்சு வடிகட்டுங்க, இரும்பு முழுக்க வடிதாளில நிண்டுடும். நாங்கள் கம்பஸில படிக்கேக்க பொற்றாசியம் சயனைட்டுத்தான் போட்டனாங்க. செம்பு, நாகம், நிக்கல், இரும்பு எல்லாத்தையும் ஒரே அடியில கட்டிப்போடும். டீஈஏ எல்லாம் அதுக்குக் கிட்டவும் வராது.

பழைய_அளவி · திங்கள், இரவு 10.25

செங்கலடித் தம்பி சொன்னதில சயனைட்டு பல உலோகங்களை மறைக்கும் எண்டது சரி. மற்றதை ஒவ்வொண்டாப் பார்ப்பம்.

முதல்ல கழிக்கிற கதை. லீற்றருக்கு 3 மி.கி. இரும்பு எண்டால் 50 மி.லீ.க்குள்ள ஏறத்தாழ 2.7 மைக்ரோமூல். 0.01 மோலார் ஈடிடிஏயில அது 0.27 மி.லீ. மட்டும்தான். தங்கச்சியின்ட மூண்டு வாசிப்புக்கும் இடையில கிட்டத்தட்ட 3 மி.லீ. வித்தியாசம் கிடக்கு. கால் மி.லீ. குடிக்கிற இரும்பு மூண்டு மி.லீ. குழப்பத்தை எப்படி உண்டாக்கும்? அப்ப இரும்பு ஈடிடிஏயைத் தின்னுறது இல்லைப் பிரச்சினை. அது காட்டியைத் தின்னுது.

சாதாரணமா உப்போட ஒண்டுக்கு நூறு எண்டு அரைச்சு வைச்ச எரியோக்குரோம் பிளாக்கில ஒரு சிட்டிகை 0.1 கிராம் எண்டு வையுங்க. அதுக்குள்ள உண்மையான சாயம் 1 மி.கி.தான். மூலில பார்த்தால் 2 மைக்ரோமூலுக்குக் கொஞ்சம் மேல. குடுவைக்குள்ள இரும்போ 2.7. அதாவது நீங்க போட்ட காட்டி முழுவதையும் பிடிச்சு வைக்கிறதுக்குப் போதுமான இரும்பு அந்தக் கிணற்றுத் தண்ணியிலயே கிடக்கு. மகனீசியம் பிடிச்ச காட்டியை ஈடிடிஏ வந்து உடனே விடுவிக்கும். இரும்பு பிடிச்சதை அப்படி விடுவிக்காது, விடுவிச்சாலும் நீங்க குடுவையைச் சுழட்டுற நேரத்துக்குள்ள நடக்காது. அதான் ஊதாவிலயே நிக்குது. இன்னும் காட்டி போட்டால் சரிவரும் எண்டு நினைச்சுப் பலபேர் போடுவினம். நிறம் கறுத்துக்கொண்டு போகுமே தவிரத் தெளியாது.

கொதிக்க வைச்சு வடிக்கிறது இன்னும் மோசம். இரும்போட சேர்த்து தற்காலிக வன்மையும் கல்சியம் காபனேற்றாப் படிஞ்சு வடிதாளில போயிடும். அளக்க வந்ததையே வடிச்சு வீசின மாதிரி.

சயனைட்டு: பெரிக் இரும்போட நேராப் போட்டால் வேலை மெதுவா நடக்கும், உண்டாகிற பெரிசயனைட்டு காட்டியை ஒட்சியேற்றிக் கெடுக்கும். அதால முதல்ல அஸ்கோர்பிக் அமிலத்தால இரும்பைத் தாழ்த்திப்போட்டுத்தான் போட வேணும். அதைவிட முக்கியமானது, இந்தப் பழுப்புப் படிவைக் கரைக்க அமிலம் தேவை. அமிலத்துக்குள்ள சயனைட்டு போனால் என்ன வாயு வரும் எண்டு தம்பிக்குத் தெரியும். மாணவர் ஆய்வுகூடத்தில அந்தப் போத்தலே திறக்கப்படக் கூடாது.

இனி உங்கட பிழை. டீஈஏ சரியான மருந்துதான், ஆனா பிந்திப் போட்டிட்டீங்க. பஃபர் விட்ட உடனே பீஎச் 10 ஆகுது, இரும்பு ஐதரொட்சைட்டாத் திரண்டிடும். நீங்க கண்ட பழுப்பு நூல் அதுதான். திரண்ட இரும்பை டீஈஏ திரும்பக் கரைச்சு எடுக்காது. இரும்பு கரைஞ்ச நிலையில இருக்கேக்க, அதாவது அமிலத்தில, டீஈஏ பக்கத்தில நிக்க வேணும். பிறகு பீஎச் ஏற ஏற ஐதரொட்சைட்டு பிடிக்க முந்தி டீஈஏ பிடிச்சுக்கொள்ளும்.

மருதமுனைத்_தறி · செவ்வாய், காலை 6.50

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க நூல் சாயம் போடுற ஆக்கள். எங்கட கிணத்துத் தண்ணியிலயும் இதே பழுப்புத்தான், வெள்ளை நூலை அலசினா மஞ்சள் விழுந்திடுது, வெளிர் நிறச் சாரிக்கு அந்த நூலை எடுக்கவே ஏலாது. இந்த டீஈஏ எண்ட மருந்து இரும்பை மறைக்கும் எண்டு சொல்றீங்க. ஒரு தொட்டிக்கு எவ்வளவு போடணும்? கல்முனையில எங்க வாங்கலாம்?

பழைய_அளவி · செவ்வாய், காலை 7.30

வஅலைக்கும் ஸலாம். தம்பி, "மறைக்கும்" எண்ட சொல்லால வந்த வினை இது. இரும்பு தண்ணியை விட்டுப் போகாது. குடுவைக்குள்ள பத்து நிமிசம் காட்டியின்ட கண்ணில படாம நிக்கும், அவ்வளவுதான். தொட்டிக்குப் போட்டால் காசும் வீண், இரும்பும் அங்கேயே. உங்களுக்கு வேண்டியது தண்ணியை உயரத்தில இருந்து தூவி விழுத்திக் காற்றுப் படவிட்டு, படிய வைச்சு, மணலால வடிக்கிறது. இந்தப் பிள்ளைக்குத் தொல்லை குடுக்கிற அதே பழுப்புப் படிவுதான் உங்களுக்கு உதவி.

கல்முனை_லேப் · செவ்வாய், மதியம் 1.15

நான் வேற வழியில செய்றன். டீஈஏயே எடுக்கிறல்ல. மாதிரிக்கு ரெண்டு துளி ஐதரோகுளோரிக் போட்டுத் தெளிய வைச்சு, எதிர்பார்க்கிற ஈடிடிஏயில தொண்ணூறு சதவீதத்தை அமிலத்திலயே விட்டிடுவன். உதாரணமா 12 மி.லீ. போகும் எண்டு தெரிஞ்சா 11ஐ முதல்ல. அமிலத்தில ஈடிடிஏ கல்சியத்தைக் கணக்கெடுக்காது, இரும்பைத்தான் முதல்ல தூக்கும். பிறகு பஃபர், காட்டி, மிச்ச ஒரு மி.லீ.யைத் துளித்துளியா. இரும்பு ஈடிடிஏயோட பூட்டுப்பட்டு நிக்கிறதால காட்டிக்கிட்ட போறல்ல. கடைசியில இரும்புக்குரிய 0.27ஐக் கழிச்சு விடுவன். செங்கலடிக்காரர் சொன்ன கழித்தல் இந்த இடத்தில சரிவரும்.

கல்சியம் கூடின தண்ணிக்கு இன்னொரு நன்மையும் கிடக்கு. பஃபர் விட்டாப் பிறகு தாமதிச்சா கல்சியம் காபனேற்று படியத் தொடங்கும், முடிவு திரும்பத் திரும்ப சிவக்கும். பெரும்பகுதி முதல்லயே கட்டுப்பட்டிட்டா அந்தத் தொல்லை இல்லை.

செங்கலடிச்_சந்தி · செவ்வாய், மதியம் 1.40

பாத்தீங்களா, கழிக்கலாம் எண்டு நான் சொன்னன்தானே 😀

பழைய_அளவி · செவ்வாய், மாலை 5.05

கல்முனை நானா சொன்ன முறை நல்லது, நானும் செய்து பார்த்திருக்கிறன். ஆனா இதில ஈடிடிஏயே இரும்புக்கு மறைப்பாகுது. அதால இரும்பின்ட அளவு சரியாத் தெரிஞ்சிருக்க வேணும், எதிர்பார்க்கிற வாசிப்பும் ஓரளவு தெரிஞ்சிருக்க வேணும். தங்கச்சியிட்ட இருக்கிறது நிறம் பார்க்கிற கிட். 3 எண்டு காட்டினது 2ஆகவும் இருக்கலாம், 4ஆகவும் இருக்கலாம். டீஈஏ போட்டால் இரும்பைக் கணக்கிலயே சேர்க்கத் தேவையில்லை. அதுக்காகத்தான் நான் அதைப் பிடிச்சு நிக்கிறன்.

தங்கச்சி, இப்படிச் செய்து பாருங்க.

போத்தலை நல்லாக் குலுக்கிப்போட்டு, அடியில படிஞ்சதும் சேர்த்து 50 மி.லீ. எடுங்க. தெளிஞ்ச மேல்தண்ணியை மட்டும் எடுத்தால் படிவோட ஒட்டின கல்சியமும் விடுபட்டுப் போகலாம். ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் துளித்துளியா விட்டு, பீஎச் தாளில 2க்கும் 3க்கும் இடையில கொண்டு வாங்க. ரெண்டு நிமிசம் மெதுவாக் கொதிக்கட்டும், பழுப்பு முழுக்கக் கரையும், காபனீரொட்சைட்டும் வெளியேறும். அமிலத்தில கொதிக்கிறதால கல்சியம் படியாது, அதையும் செங்கலடித் தம்பியின்ட கொதிப்பையும் ஒண்டாக்கிப் போடாதேங்க. ஆற விடுங்க.

ஆறினாப் பிறகு டீஈஏ. அது கித்துள் பாணி மாதிரித் தடிச்ச சாமான். நேராக் குழாயியில எடுத்தால் பாதி சுவரிலயே ஒட்டி நிக்கும், ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு அளவு விழும். முதல்லயே ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி விட்டுக் கரைச்சு வையுங்க. அதில 5 மி.லீ. ஒரு நிமிசம் சுழட்டுங்க. அதுக்குப் பிறகுதான் பஃபர், அதுவும் வழக்கமான அளவு போதாது, நீங்க விட்ட அமிலத்தையும் அது சமாளிக்க வேணும். 5 மி.லீ. விட்டுப் பீஎச் தாளில 10 வருதோ எண்டு கட்டாயம் பாருங்க. பிறகு காட்டி. பஃபர் விட்டதில இருந்து ஐஞ்சு நிமிசத்துக்குள்ள முடிச்சிடுங்க.

இதே எல்லாத்தையும் காய்ச்சி வடித்த நீர் 50 மி.லீ.க்கும் ஒருக்கா செய்யுங்க. காட்டி போட்ட உடனேயோ, ஒரு துளி ஈடிடிஏயிலயோ நீலமாக வேணும். ஆகாட்டில் கிணற்றைக் குற்றம் சொல்ல வேண்டாம். வடித்த நீரில செம்பு இருக்கலாம், அல்லது டீஈஏ போத்தல் பழசாகி இருக்கலாம். செம்பும் காட்டியைப் பிடிச்சு வைக்கும், ஆனா டீஈஏ அதை நம்பத்தக்க அளவுக்கு மறைக்காது.

அக்கரைப்பற்று_ஆசான் · செவ்வாய், இரவு 8.20

நல்ல இழை. என்ட அனுபவம் கொஞ்சம் வேற. எங்கட பாடசாலையில தண்ணி நாகம் பூசின பழைய குழாயால வருது. பிள்ளைகள் வன்மை பார்த்தா முடிவு கண்ணாடி மாதிரித் தெளிவு. ஊதாவும் இல்ல, இழுவையும் இல்ல. ஆனா காலையில முதல் திறந்து எடுக்கிற தண்ணிக்கும், பத்து நிமிசம் ஓடவிட்டு எடுக்கிற தண்ணிக்கும் எப்பவும் அரை மி.லீ. வித்தியாசம். இரும்பு இல்ல. டீஈஏ போட்டுப் பார்த்தும் அதே வித்தியாசம்.

பழைய_அளவி · செவ்வாய், இரவு 9.02

ஸேர், உங்கட நாகம்தான் மோசமான விருந்தாளி, ஏனெண்டால் சத்தம் போடாது. இரும்பு வந்தால் முடிவு கெடும், பிழை எண்டு உடனே தெரியும். நாகம் காட்டியை அடைக்கிறேல்லை. பீஎச் 10இல ஈடிடிஏயோட ஒழுங்காச் சேர்ந்து, கல்சியம் மாதிரியே நடிச்சு, அழகான நீலமும் காட்டிப்போட்டுப் போகும். கணக்குத்தான் பிழைக்கும். டீஈஏ அதைத் தொடாது. சயனைட்டு தொடும், அதைப் பாடசாலைக்குச் சொல்ல மாட்டன்.

ஆனா 50 மி.லீ.யில அரை மி.லீ. எண்டால் லீற்றருக்கு 6.5 மி.கி. நாகம் வேணும். இரவு முழுக்கக் குழாயில நிண்ட தண்ணி எண்டாலும் அது கூடத்தான். நீங்க சொல்ற வித்தியாசம் முழுக்க நாகம்தானா எண்டு எனக்குச் சந்தேகம் கிடக்கு.

அக்கரைப்பற்று_ஆசான் · செவ்வாய், இரவு 9.30

தொட்டியின்ட அடியில சுண்ணாம்புப் படிவும் கிடக்கு, காலையில அதுவும் கலங்கி வரலாம். இப்ப ஓடவிட்டுத்தான் எடுக்கிறம். காரணம் எதுவெண்டு நான் இன்னும் பிரிச்சுப் பார்க்கல.

வெல்லாவெளி_மழை · வியாழன், மாலை 6.45

ஸேர், செய்து போட்டன்!

அமிலத்தில கொதிக்க வைக்க பழுப்பு முழுக்கப் போயிட்டுது, தண்ணி கொஞ்சம் மஞ்சள் மட்டும். டீஈஏ விட்டு, பஃபர் விட்டன். இந்த முறை நூல் இல்லை, கலங்கல் இல்லை. காட்டி போட்ட உடனே ஊதாவா இல்லாம உண்மையான வைன் சிவப்பு. அப்பவே விளங்கீட்டுது சரிவரும் எண்டு. 12.5இல நிறம் தளம்பத் தொடங்கிச்சு, பிறகு துளித்துளியா விட நீலம். வாசிப்பு 12.85, 12.80, 12.85. வடித்த நீருக்கு ஒரு துளி, 0.05 எண்டு எடுத்தன்.

சராசரி 12.83, வெறுமையைக் கழிக்க 12.78. 50 மி.லீ. மாதிரிக்கு 0.01 மோலார் ஈடிடிஏ ஒரு மி.லீ. எண்டால் லீற்றருக்கு 20 மி.கி. கல்சியம் காபனேற்று. அப்ப 256 மி.கி. முதல் நாள் 15.9ஐ நம்பி எழுதியிருந்தால் 318 எண்டு குடுத்திருப்பன்.

கல்முனை நானாவின்ட முறையையும் ஒருக்கா செய்தன். 13.15 வந்துது, 0.27உம் வெறுமையும் கழிக்க 12.83. ரெண்டும் ஒண்டுக்கொண்டு கிட்டத்தான் நிக்குது.

கல்முனை_லேப் · வியாழன், இரவு 7.20

மாஷா அல்லாஹ். ஒரு துளி வித்தியாசம். உங்கட கிட்டும் பெரிசாப் பிழையில்ல போல. ஆனா ஸேர், ஒண்டு கேக்கணும். இரும்பு 15, 20 மி.கி. வாற தண்ணியும் எங்களிட்ட வரும். அதுக்கு டீஈஏ போட்டும் எரியோக்குரோம் பிளாக்கின்ட நிறம் எனக்கு மங்கிப் போகுது. நீங்க சொன்ன ஒழுங்கிலதான் செய்யிறன்.

பழைய_அளவி · வியாழன், இரவு 8.10

அது டீஈஏயின்ட எல்லை நானா. பீஎச் 10இல டீஈஏயின்ட பிடி இரும்புக்கு மேல அவ்வளவு இறுக்கமில்லை. இரும்பு சில மி.கி. மட்டும் இருந்தால் காட்டி தப்பும். கூடினால் இரும்பு டீஈஏயிட்ட இருந்து நழுவிக் காட்டியைப் பிடிக்கவும் செய்யும், ஒட்சியேற்றவும் செய்யும். டீஈஏயை இன்னும் கூட்டினால் சரிவரும் எண்டு சிலர் சொல்லுவினம், எனக்கு அது திருப்தியாச் சரிவந்ததில்லை. கல்சியத்தை மட்டும் பார்க்கப் பீஎச் 12க்கு மேல சோடியம் ஐதரொட்சைட்டில, வேற காட்டியோட செய்தால் டீஈஏ இரும்பை நல்லா இறுக்கிப் பிடிக்கும், கரைசல் நிறமே இல்லாமப் போகும். மகனீசியமும் வேணுமெண்டால் மாதிரியை ஐதாக்குங்க. ஐஞ்சு மடங்கு ஐதாக்கினால் இரும்பும் ஐஞ்சில ஒண்டு. ஈடிடிஏயையும் ஐதாக்க வேணும், முடிவு கொஞ்சம் மழுங்கும்.

செங்கலடிச்_சந்தி · வியாழன், இரவு 8.35

புளோரைட்டு போட்டா என்ன? இரும்பைப் பிடிக்கும் எண்டு படிச்சனான். சயனைட்டு மாதிரி ஆபத்தும் இல்லை.

பழைய_அளவி · வியாழன், இரவு 8.50

கல்சியத்தையும் பிடிக்குமே தம்பி, கல்சியம் புளோரைட்டாப் படிஞ்சிடும். வேற உலோகத்தை அளக்கேக்க அலுமினியத்தை மறைக்கப் புளோரைட்டு நல்லது. வன்மைக்கு வேண்டாம். மறைப்பு ஒண்டைத் தெரிவு செய்யேக்க அது எதைப் பிடிக்குது எண்டதோட, அளக்கிறதை விட்டு வைக்குதோ எண்டும் பார்க்க வேணும்.

வெல்லாவெளி_மழை · சனி, காலை 10.15

இன்னொண்டு. மாமா வீட்டுக் கிணறு வாவிக்குக் கிட்ட. அந்தத் தண்ணிக்கும் அதே ஒழுங்கில செய்தன். இரும்பு குறைவு, 1 மி.கி.யும் இல்லை. முதல்ல நல்ல சிவப்பு, நியமிக்கேக்க நீலமும் வருது. ஆனா காட்டியின்ட நிறமே நிமிசத்துக்கு நிமிசம் குறையுது. முடிவுக்குக் கிட்ட வரேக்க சாம்பல் நீலம், ஐஞ்சு நிமிசத்தில ஒண்டுமே இல்லாத மாதிரி வெளிறிப் போகுது. போத்தல்ல படிஞ்சதும் பழுப்பு இல்லை, கறுப்புப் பொட்டுப் பொட்டா இருக்கு.

கல்முனை_லேப் · சனி, காலை 11.00

கறுப்பெண்டால் மங்கனீசு எண்டு படுது. எங்களுக்கும் வாறது.

பழைய_அளவி · சனி, மதியம் 12.20

நானும் மங்கனீசைத்தான் சந்தேகிக்கிறன். காரத்தில காற்றுப் பட்டவுடனே அது மேல்நிலைக்கு ஒட்சியேறும், பிறகு காட்டியைச் சுட்டு வெளிற வைக்கும். டீஈஏ இருந்தால் சிலவேளை பச்சையும் காட்டும். அமில நிலையில, டீஈஏக்கு முந்தி, ஐதரொட்சிலமைன் ஐதரோகுளோரைட்டு ஒரு சின்னச் சிட்டிகை போட்டுப் பாருங்க, மங்கனீசைக் கீழ்நிலையிலயே வைச்சிருக்கும். ஆனா கீழ்நிலை மங்கனீசு ஈடிடிஏயோட சேர்ந்து வாசிப்பில ஏறும், அதைத் தனியா அளந்து கழிக்க வேண்டி வரும். நிறம் நிண்டால் மங்கனீசு எண்டு ஓரளவு நம்பலாம். நிறம் நிக்காட்டில் வேற ஏதோ, அப்ப திரும்ப எழுதுங்க.

வெல்லாவெளி_மழை · சனி, மதியம் 12.45

ஆய்வுகூடம் திங்கள்தான் திறக்கும் ஸேர். போத்தலை நிரம்ப விட்டு, காற்றுப் போகாம மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறன். அம்மா குடிக்கிற தண்ணி எண்டு நினைச்சு எடுத்திடுவா எண்டு மூடியில சிவப்பு மையால எழுதியும் விட்டிட்டன்.